படத்துக்குக் கீழே எழுதிய வரி

எங்கட இணுவில் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம். நீங்களும் அந்த ஒழுங்கையால் நடந்திருப்பீர்கள்; இணுவிலாக இல்லாவிட்டால் வேறோர் ஊரில், வேறொரு கிடுகுவேலி ஓரமாக. விடிய வெள்ளன முதலில் வருவது முற்றம் கூட்டுகிற சத்தம். செம்மண்ணில் ஈர்க்குமாறு கீறுகிற சரசரப்பு படலையடியில் தொடங்கிக் கிணற்றடியில் முடியும். பிறகு துலா. பிறகு திருவலையில் தேங்காய் திருவுகிற கறகறப்பு. அது கேட்டால் அந்த வீட்டில் புட்டோ இடியப்பமோ அவியப்போகிறது என்று பொருள். பின்னேரம் அம்மி இழுபடும் சத்தம் வந்தால் இரவுக்குச் சம்பல்.

மா இடிக்கிற நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போட்டால் ஒரு தாளம், ஒருத்தி தனிய நின்று இடித்தால் இன்னொரு தாளம். தனித் தாளம் கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து தலையை நிமிர்த்துவா. "வடக்கு வீட்டு மாமி தனிய நிண்டு இடிக்கிறா. ஒருக்கா போய்க் கைகுடு பிள்ளை." நான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போவேன். மாமி என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டா. ஆனால் என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவும் மாட்டா. மற்ற உலக்கையை எடுத்து நீட்டுவா, அவ்வளவுதான். சத்தம் போய்ச் சொல்லியிருக்கும் என்று அவவுக்குத் தெரியும்.

இப்போது ஸ்காபரோவில் என் குசினியில் நின்று இதை எழுதுகிறேன். ஐப்பசியில் பூட்டிய யன்னலைச் சித்திரைக்குப் பிறகுதான் திறக்கிற ஊர் இது. புட்டுக்கு மா குழைக்கிறேன், தேங்காய்ப்பூவை உறைபெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறேன், மதியத்துக்கு இரண்டு கறி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, கூடை நிறைய உடுப்பு. பக்கத்து வீட்டுக்கு இதில் ஒன்றும் கேட்காது. அந்த வீட்டிலும் ஒருத்தி இதையேதான் செய்துகொண்டிருப்பாள்; எனக்கும் கேட்காது. பின்னேரம் எல்லாரும் வீடு வரும்போது தரை துடைத்துக் காய்ந்துவிட்டது, பாத்திரம் அடுக்கியாகிவிட்டது, உடுப்பு மடிபட்டு அவரவர் அலுமாரிக்குள் போய்விட்டது. வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ, அவ்வளவுக்கு அது நடந்த தடமே இருக்காது.

நான் கனடாவுக்கு வந்தது 2004 இல். இவர் முன்னமே வந்துவிட்டார். முதலில் குடியேறியது நகரத்துக்குள்ளே, வெலஸ்லி – பார்லிமென்ட் சந்திக்குப் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒன்றில். எங்கட சனம் எத்தனை குடும்பம் அந்தக் கட்டடங்களுக்குள்ளால் வந்து போயிருக்கிறது! மின்தூக்கிக்குள் ஏறினால் எந்தத் தட்டில் மீன் குழம்பு, எந்தத் தட்டில் எத்தியோப்பியக் காப்பிக்கொட்டை வறுபடுகிறது என்று மணத்தில் தெரியும். சத்தம் போய், மணமாவது மிஞ்சியிருந்த இடம் அது.

பெட்டிக்குள் அம்மா வைத்துவிட்டது இரண்டு சாமான். ஒன்று பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி. மற்றது ஒரு போத்தல் தூள். தூள் போத்தலை அம்மா துணியால் சுற்றித் தந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு 1995 ஞாபகம் வந்தது. ஐப்பசி 30, வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. மழை. செம்மணி வெளியால் சனம் அடி அடியாக நகர்கிறது. அம்மா தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு பையும். அந்தப் பைக்குள் அரிசி, உப்பு, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் தூள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று கல் வைத்து அவ சமைத்த முதல் பருப்பு, எங்கட வீட்டுப் பருப்பாகவே இருந்தது. தம்பி அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டான்.

நீத்துப்பெட்டி ரொறன்ரோ மாரிக்குத் தாங்கவில்லை. வீட்டைச் சூடாக்குகிற காற்று ஓலையின் ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடும். காய்ந்த ஓலை ஆவி பட்டதும் மடிப்பில் வெடிக்கும். அவிப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவிட்டு எடுத்தால் கொஞ்சக் காலம் தாக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தேன். ஆனால் ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் கரும்பூஞ்சணம். ஊரில் அதைக் கழுவி வேலியில் கொழுவினால் வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே அடுப்புக்கு மேலே ஒரு ஆணியில் கொழுவி உலர்த்தினேன். அப்படியும் கூர்ப்பக்கம் பிரிந்து போயிற்று. இப்போது உருக்குக் குழல்தான்.

தூள் போத்தல் முடிந்ததும்தான் என் வீட்டுப் பொறுப்பு தொடங்கியது என்று நினைக்கிறேன். கடைத்தூளில் கறி வைத்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டார். ஆனால் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

ஊரில் தூள் வறுக்கிறது எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சுன்னாகம் சந்தையில் செத்தல் மிளகாய் வாங்கி வந்து பாயில் பரவி வெயிலில் காயவைப்பார்கள். பின்னேரம் நாலைந்து வீட்டுப் பெண்கள் வட்டமாக இருந்து காம்பு நுள்ளுவார்கள். கதை ஊரைச் சுற்றி வரும். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருக்குக் கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. நுள்ளி முடிந்ததும் சவர்க்காரத்துக்கு முன்னம் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லுவா அம்மம்மா. மிளகாயின் காரம் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் கரையும். முதலில் தண்ணீரில் கழுவியவள் இரவெல்லாம் கை எரிந்து விசிறிக்கொண்டிருப்பாள். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு, டீசலும் கிடைக்காத நாட்களில், மில்லுக்குப் போன தூள் திரும்ப உரலுக்கு வந்தது. அப்போது ஒழுங்கை முழுக்கத் தும்மல்.

அம்மாவிடம் அளவு கேட்டால் 'சுண்டு' கணக்கில் சொல்லுவா, 'ஒரு கைப்பிடி' என்பா, 'மணம் வரேக்க தெரியும்' என்பா. தொலைபேசி அட்டையில் நிமிடம் ஓடிக்கொண்டிருக்க, அதை எல்லாம் கிராமாக மாற்றி எழுதிய கடதாசி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், நற்சீரகம் 100 கிராம், மிளகு 100 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் 50 கிராம், கறிவேப்பிலை இரண்டு கை. உறைப்புக் குறைவாக வேண்டிய வீடுகள் மல்லியைக் கூட்டுவார்கள். எங்கட வீட்டில் சரிபாதிதான்.

கடதாசியில் எழுதமுடியாதது வறுக்கிற பதம். ஊரில் விறகடுப்பு. சூடு கூடினால் கொள்ளியை இழுத்தால் போதும், உடனே தணியும். செயின்ட் ஜேம்ஸ் டவுன் வீட்டில் இருந்தது மின்சுருள் அடுப்பு. அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சுருள் சிவந்தபடியே நிற்கும். மிளகாய் சரியான நிறத்துக்கு வந்துவிட்டது என்று கண்டு அணைத்தால், நீங்கள் திரும்பி வருவதற்குள் சட்டியின் சூட்டிலேயே கறுத்துவிடும். ஆகவே அங்கே கை அடுப்பை அணைப்பதில்லை, சட்டியைத் தூக்குகிறது. தூக்கியதும் அகலமான தட்டத்தில் கொட்டிப் பரவவேணும். இன்னும் ஒரு நிறம் குறைவாக இருக்கும்போதே இறக்கவேணும்; மிச்ச நிறம் தட்டத்தில் வரும். இந்த ஒரு விசயம் கைக்கு வர எனக்கு ஒரு மாரி முழுக்கப் போயிற்று.

ஒழுங்கும் உண்டு. மல்லி முதலில், மெல்லிய சூட்டில். கைநிறைய அள்ளிப் போட்டால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாக நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வறுபட்ட மல்லியை வாயில் போட்டுக் கடித்தால் 'நறுக்' என்று உடையவேணும். பல்லில் சவசவத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அப்படித் திரித்தால் ஐந்தாறு மாதத்தில் தூள் கட்டிபடும், திறக்கும்போது பழைய சாக்கு மணக்கும். மல்லிக்குப் பிறகு மிளகு, பெருஞ்சீரகம், கடைசியில் நற்சீரகம். வெந்தயத்தை ஒருநாளும் மற்றதோடு சேர்க்கக்கூடாது. தனிய, சின்னச் சூட்டில். அது பொன்னிறத்தைத் தாண்டிச் சிவந்தால் இரண்டரைக் கிலோ தூளும் கைக்கும். கறிவேப்பிலை கசக்கினால் பொடிபடும் வரைக்கும். மஞ்சளைக் கடைசியில், வறுக்காமல்.

மிளகாயை எல்லாவற்றுக்கும் பிறகுதான் தொடவேண்டும். அதை இரண்டாக முறித்து வறுக்கத் தொடங்கினால் அந்த அறைக்குள் யாரும் நிற்கமுடியாது. ஊரில் முற்றத்தில் மூட்டிய அடுப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கம் போய் நிற்கலாம். அந்த அடுக்குமாடியில் அடுப்புக்கு மேலிருந்த விசிறி புகையை வெளியில் தள்ளாது, ஒரு வடிகட்டிக்குள்ளால் இழுத்து மீண்டும் என் முகத்திலேயே விடும். புகை எச்சரிக்கை மணி கூரையிலிருந்து கத்தும். அதைக் கழற்றிவைக்க நான் விரும்பவில்லை. சின்னப் பிள்ளை தூங்குகிற வீடு. வாசல் கதவின் அடியில் ஈரத்துவாய் வைத்து நடைபாதைக்குக் காரம் போகாமல் அடைப்பேன். மாடி முகப்புக் கதவை அகலத் திறப்பேன். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி மிளகாய், அதோடு ஒரு சிட்டிகை உப்பு. அம்மம்மா போடச் சொன்னது. நெடி கொஞ்சம் தணிந்து நிற்கும் என்பது எங்கட வீட்டு நம்பிக்கை. ஆவணி வெயிலில், கதவைத் திறந்து வைக்கக்கூடிய காலத்தில்தான் வறுக்கலாம். ஆகவே ஒரு வருசத்துக்கு எவ்வளவு தூள் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கவேணும். குறைந்தால் மாசி மாதத்தில் வழியில்லை.

திரித்துக் கொண்டுவந்த தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே வேர்த்து, மூடிக்குக் கீழே நீர் பிடித்து, பூஞ்சணம் வரும். மேசை முழுக்கக் கடதாசி விரித்து, தூளைப் பரவி, இரவு ஆறவிட்டு, விடிய அடைப்பேன். அன்று காலை வீட்டில் எழும்புகிற எல்லாருக்கும் முதலில் அந்த மணம்தான். மூத்தவள் சின்னதாக இருக்கும்போது அதை 'அம்மம்மா வீட்டு மணம்' என்பாள். அவள் அம்மம்மா வீட்டைப் பார்த்ததே இல்லை.

2006 வைகாசியில் தபாலில் குடிசன மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்குப் போகிற நீண்ட படிவம் எங்களுக்கு வாய்த்தது. இவர் தன் வேலை, சம்பளம், பயண நேரம் எல்லாம் நிரப்பிவிட்டு என்னிடம் தந்தார். உள்ளே ஒரு கேள்வி இருந்தது. போன கிழமை சம்பளமில்லாமல் வீட்டுவேலைக்கு எத்தனை மணித்தியாலம், பிள்ளை பார்க்க எத்தனை மணித்தியாலம், முதியவர்களைப் பராமரிக்க எத்தனை மணித்தியாலம் செலவழித்தீர்கள் என்று. கட்டங்களில் கடைசியானது, '60 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல்'. முதல் இரண்டிலும் அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நிரப்பினேன். குசினி மேசையில் இருந்து, மகள் மடியில் இருக்க, பேனையை நன்றாக அழுத்தி நிரப்பினேன். ஒரு நாட்டின் அரசாங்கம் என்னிடம் இதைக் கேட்கிறது! அம்மாவிடம் ஒருநாளும் எவரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை என்று பிறகு நூலகத்தில் வாசித்து அறிந்தேன். சஸ்கட்டூனில் கரோல் லீஸ் என்ற ஒரு வீட்டுப் பெண். 1991 குடிசன மதிப்பீட்டுப் படிவத்தின்படி வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பவள் வேலை செய்பவளாக எண்ணப்படமாட்டாள் என்று கண்டு, அதை நிரப்ப மறுத்தாள். சட்ட நடவடிக்கை வரும் என்று எச்சரிக்கப்பட்டும் அசையவில்லை. அவளோடு பல பெண்களும் அமைப்புகளும் சேர்ந்து கேட்டதில், 1996 மதிப்பீட்டில் முதல்தடவையாகச் சம்பளமில்லா வேலை பற்றிய கேள்வி இடம்பெற்றது. 2001 இலும் 2006 இலும் இருந்தது. 2011 இல் என் வீட்டுக்கு வந்த படிவத்தில் அதைத் தேடினேன். இல்லை. எடுத்துவிட்டார்கள். 2016 இலும் இல்லை, 2021 இலும் இல்லை. நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று பல ஆயிரம் பேரிடம் தனியாகக் கேட்கிறார்கள்தான். ஆனால் வீடு வீடாகக் கேட்ட அந்தக் கேள்வி போய்விட்டது. எனக்கு அது மனவருத்தம். ஒரு தடவைதான் பதில் எழுதக் கிடைத்தது.

இளையவன் பிறந்த பிறகு ஸ்காபரோவுக்கு வந்தோம். வீடு சின்னது, ஆனால் காஸ் அடுப்பு. அதுதான் எனக்குப் பெரிய வரம். கொள்ளியை இழுக்கிறதுபோல் தீயைச் சட்டென்று தணிக்கலாம். பின்வளவில் ஒரு துண்டு நிலம், வேனிலில் அங்கே மேசை போட்டு மிளகாய் பரவலாம்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் படித்த இன்னொரு கணக்கு ஹைட்ரோ பில். மணிக்கு ஒரு விலை. வேலைநாளில் பின்னேரம் 7 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறும் குறைந்த விலை. மாரியில் பின்னேரம் 5 இலிருந்து 7 வரைக்கும் உச்ச விலை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பசியோடு வருகிற நேரமும் அதுதான். 5 மணிக்கு முன்னம் சோற்றை மின்சட்டியில் வைத்து முடித்துப் போர்த்தி வைப்பேன். தோய்ச்சல் எல்லாம் 7 க்குப் பிறகு. கடைசிக் கூடை காய்ந்து மடித்து வைக்கும்போது வீடு நித்திரை. ஊரில் தோய்ச்சல் என்றால் கிணற்றடி. கல்லில் உடுப்பு அடிபடுகிற சத்தம், வாளி விழுகிற சத்தம், பக்கத்துக் கிணற்றடியிலிருந்து மறுமொழி. இங்கே இயந்திரம் நிலவறைக்குள் சுழல்கிறது, நான் படியில் இருந்து காலுறைகளைச் சோடி சேர்க்கிறேன்.

2013 மார்கழி மட்டும் அப்படி இல்லை. உறைமழை வந்த மார்கழி. சனிக்கிழமை இரவு முழுக்கப் பெய்து, ஞாயிறு, 22 ஆம் திகதி விடிய எழும்பினால் மரமெல்லாம் கண்ணாடி. கிளை முறிகிற சத்தம் தெரு முழுக்க. மின்கம்பி அறுந்து நகரத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. ஸ்காபரோவில் பல தெருக்களுக்கு நாட்கணக்கில் வெளிச்சம் வரவில்லை. எங்கட தெருவும் அதில் ஒன்று.

காஸ் அடுப்பின் மின்பொறி வேலை செய்யாது. ஆனால் நெருப்புக்குச்சி பற்றவைத்துக் காட்டித் திறந்தால் மேலடுப்பு எரியும். அது தெரிந்ததும் மின்னடுப்பு வைத்திருந்த சொந்தக்காரர், இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு அன்ரி, எதிர்வீட்டுக் கயானாக்காரப் பெண் எல்லாரும் சட்டியோடும் சாமானோடும் வந்துவிட்டார்கள். சமைக்கிறபோது மட்டும் மூட்டி, யன்னலை ஒரு விரல் திறந்து வைத்தேன். வீட்டைச் சூடாக்க அடுப்பை எரியவிடவேண்டாம், நச்சுவாயு ஆளைக் கொல்லும் என்று பற்றரி வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

உறைபெட்டிதான் பெரிய யோசனை. நிறைந்த உறைபெட்டி, திறக்காமல் விட்டால் இரண்டு நாள் தாங்கும்; பாதி நிறைந்தது ஒரு நாள்தான். ஆகவே எல்லார் வீட்டு மீனையும் இறைச்சியையும் கொண்டுவரச் சொல்லி, என் பெட்டியை இடைவெளியில்லாமல் அடுக்கி நிரப்பி, போர்வையால் போர்த்தி மூடினேன். வெளியில் பனிக்குள் வைக்கலாமே என்றார் இவர். பகல் வெயில் பட்டால் மேற்பக்கம் இளகிவிடும், இரவில் ரக்கூன் திறந்துவிடும். முதலில் இளகக்கூடியதை முதலில் சமைத்தோம். றாலும் கணவாயும் ஒடியல் மாவும் இருந்தன. கூழ் காய்ச்சினோம். தேங்காய் உறைந்த பொதியில் இல்லாமல் முழுத் தேங்காய் ஒன்று அகப்பட, நிலவறையில் கிடந்த திருவலை மேலே வந்தது. மிக்ஸி இல்லாததால் மிளகாயும் உள்ளியும் சின்னக் கல்லுரலில் இடிபட்டது. அன்ரி ஒரு கரையில் இருந்து இடிக்க, எதிர்வீட்டுப் பெண் அது என்ன என்று கேட்டுவிட்டுத் தானும் வாங்கி இடித்தாள். மெழுகுதிரி வெளிச்சம், கூழ் மணம், அந்த இடி சத்தம். நான் அகப்பையோடு நின்றபடி ஒரு கணம் வடக்கு வீட்டு மாமியின் முற்றத்தில் நிற்கிறேன்.

மின்சாரம் வந்தது. எல்லாரும் சந்தோசமாகச் சட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் சந்தோசப்பட்டேன். யன்னலைப் பூட்டினேன்.

அம்மா 2017 இல் போய்விட்டா. கடைசிக் காலத்தில் தொலைபேசியில் என் குரல் கேட்டதும் அவ முதலில் கேட்பது, "தூள் இருக்கோ பிள்ளை?" என்பதுதான். சுகமா என்று கேட்பதும் அதற்குள்தான் அடக்கம். இருக்கு அம்மா என்பேன். நிறம் எப்படி என்பா. போத்தலைப் பார்த்துச் சொல்லுவேன்.

2024 இல் இவருடைய வேலையிடத்தில் இருபது வருடச் சேவைக்கு ஒரு மணிக்கூடு கொடுத்தார்கள். நல்ல மணிக்கூடு, பேர் பொறித்தது. குளிருக்குள் விடியமுன்னம் எழும்பிப் போன மனிசன், அது அவருக்கு உரியது. இருப்பறைச் சுவரில் நானே ஆணி அடித்துக் கொழுவினேன். அந்த ஆவணியில் பின்வளவு மேசையில் மிளகாய் காம்பு நுள்ளிக்கொண்டிருக்க, மூத்தவள் வந்து என் கையைப் படம் எடுத்தாள். கையை மட்டும். நகத்தில் மஞ்சள், பெருவிரலில் பழைய வெட்டுக்காயத் தழும்பு, உள்ளங்கையில் எண்ணெய். பிறகு அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "அம்மா, உங்களுக்கும் இருபது வருசம்தானே. இதை எங்கட ஆக்களுக்கு அனுப்பப்போறன். கீழ ஏதாவது எழுதித் தாங்கோ" என்றாள்.

வாழ்த்து அட்டையில் வருகிறமாதிரி ஒன்றும் எழுத எனக்கு விருப்பமில்லை. தியாகம், தெய்வம் என்றெல்லாம் அன்னையர் தினத்துக்கு எழுதுகிறார்கள்; அதில் வேலை எங்கேயும் தெரிவதில்லை. மல்லியின் பதம் அறிந்தது தியாகம் இல்லை, அது கைவந்த தொழில். நிறைந்த உறைபெட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று அறிந்து எட்டு வீட்டுச் சாப்பாட்டைக் காப்பாற்றியது பொறுமை இல்லை, அறிவு. இரவு குசினி மேசையில் இருந்து, கடதாசியில் வெட்டி வெட்டி, கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

'இது என் கை. 2004 தொடக்கம் இந்த வீட்டின் சோறும் தூளும் தோய்ச்சலும் மருந்தும் கணக்கும் இந்தக் கையால் நடந்தன. அம்மாவிடம் படித்தேன், இந்தக் குளிருக்கு ஏற்றமாதிரித் திருத்தினேன். இருபது வருசம் இந்த வேலையை நான் நன்றாகச் செய்திருக்கிறேன்.'

மகள் வாசித்துவிட்டு ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இவர் மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். "மருந்தை எழுதினது நல்லம்" என்றார். தன் அம்மா எங்களோடு இருந்த கடைசி இரண்டு வருசத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.

அடுத்தநாள் பாரிசிலிருந்து ஒரு அழைப்பு. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், கிட்டத்தட்ட முப்பது வருசமாய்க் கதைக்கவில்லை. படம் அவள் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளும் வீட்டோடுதான். பழைய ஆசிரியைகளைப் பற்றிக் கதைத்தோம், மருதனார்மடம் சந்தையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு கொஞ்சம் தயங்கி, "என்ர தூள் ஒவ்வொரு வருசமும் ஒரு மெல்லிய கைப்புக் கைக்குதடி. என்னத்தில பிழை?" என்று கேட்டாள்.

"வெந்தயத்தை என்னோட போடுறாய்?"

"சீரகத்தோடதான்."

"அதுதான். அதைத் தனிய எடு. கிலோ மிளகாய்க்கு 50 கிராமுக்கு மேல வேண்டாம். சட்டி நல்லாச் சுட முன்னமே போடு, கையெடுக்காமல் கிளறு. மஞ்சள் நிறம் பொன்னிறமா மாறேக்க இறக்கிப்போடு, சிவக்க விடாத. உன்ர அடுப்பு காஸோ, கறண்டோ?"

கறண்ட் என்றாள். அப்படியென்றால் அணைத்துவிட்டு நிற்காதே, சட்டியைத் தூக்கு என்றேன். எழுதிக்கொள்கிறேன், ஒரு நிமிசம் பொறு என்று பேனை தேடப் போனாள்.